வேண்டியது மட்டும் கேட்கும் காது

"தாத்தாவுக்குக் காதெல்லாம் நல்லாத்தான் கேக்குது. அவருக்கு வேண்டியது மட்டும் கேக்கும், அவ்வளவுதான்."

முதியவர்கள் இருக்கும் வீடுகளில் இப்படிச் சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்களிடம் சாட்சி இருக்கிறது. பின்கட்டில் ஒரு தட்டு விழுந்தால் தாத்தா திரும்பிப் பார்க்கிறார். மகன் சொன்னால் கேட்கிறது, மருமகள் சொன்னால் கேட்பதில்லை. பேத்தி நான்கு தடவை கூப்பிட்டும் அசையாதவர், இரவில் பக்கத்தில் யாராவது அவர் பெயரை எடுத்தால் உடனே "என்ன?" என்கிறார். இதையெல்லாம் வருடக்கணக்கில் பார்த்த குடும்பம், அவர் வேண்டுமென்றே கேளாததுபோல் இருக்கிறார் என்று முடிவுகட்டிவிடுகிறது. பார்த்தது அத்தனையும் சரி. முடிவு மட்டும் தவறு. முதுமையில் காது எப்படி மங்குகிறதோ அப்படியேதான் இந்தத் தாத்தாவுக்கும் மங்கியிருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் பேச்சு முறையை மாற்றப் போனால், சத்தத்தைக் கூட்டுவதோடு முயற்சி நின்றுவிடும். சத்தத்தைக் கூட்டுவது அவருக்கு உதவாது.

உயிர் கேட்கிறது, மெய் கேட்கவில்லை

உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. மருத்துவர்கள் அதைக் காக்லியா என்பார்கள். அதற்குள் வரிசையாக இருக்கும் மயிரணுக்கள்தான் ஒலி அதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றுகின்றன. காக்லியாவின் வாசல் பக்கத்து அணுக்கள் கீச்சென்ற உயர்ந்த ஒலிகளைப் பிடிக்கும், உள்கோடியில் இருப்பவை தாழ்ந்த ஒலிகளைப் பிடிக்கும். வயது ஏற ஏற முதலில் அழிவது வாசல் பக்கத்து அணுக்கள். மனிதக் காதில் இவை திரும்ப முளைப்பதில்லை. பெரும்பாலும் இரண்டு காதிலும் ஏறக்குறைய ஒரே அளவில், வலியில்லாமல், ஆண்டுக்கணக்கில் இது நடக்கிறது. மில்லிலும் தறிக்கூடத்திலும் காலம் கழித்தவர்களுக்கு இன்னும் சீக்கிரம் வரும்.

நாம் பேசும் பேச்சில் பலத்தின் பெரும்பகுதி உயிரொலிகளில் இருக்கிறது. அ, ஆ, உ, ஓ எல்லாம் தாழ்ந்த, கனத்த ஒலிகள். ச, த, ப, க, ட போன்ற மெய்கள் மெலிந்தவை, நொடியில் பாதிகூட நிற்காதவை. அவற்றை அடையாளம் காட்டும் பகுதி பெரும்பாலும் உயர்ந்த ஒலிகளில் இருக்கிறது. பத்து, பட்டு, கட்டு, தட்டு, கத்து என்ற ஐந்து சொற்களை மெல்லச் சொல்லிப் பாருங்கள். ஐந்திலும் உயிரொலி ஒன்றுதான், மெய்கள் மட்டுமே வேறு. உயர்ந்த ஒலியை இழந்த காதுக்கு இந்த ஐந்தும் ஏறத்தாழ ஒன்றுபோல விழும். அவர் காதில் ஒலி விழுகிறது, சொல் விழுவதில்லை. அதனால்தான் பல முதியவர்கள், "எனக்குக் காது கேக்குது, நீங்கதான் முணுமுணுக்கிறீங்க" என்கிறார்கள். அவர்கள் அனுபவிப்பது அதுவேதான்.

ஒரு வீட்டைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். தாத்தாவுக்கு 76 வயது. காது பரிசோதனைத் தாளில் 500 ஹெர்ட்ஸில் 30 டெசிபல், 1000-இல் 35, 2000-இல் 50, 4000-இல் 65 என்று இருக்கிறது. எண் கூடக் கூட, அந்த ஒலியைக் கேட்க அவருக்குக் கூடுதல் சத்தம் வேண்டும் என்று பொருள். நான்கையும் கூட்டி நான்கால் வகுத்தால் 45. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் 35 முதல் 50-க்குள் இருப்பது மிதமான குறைபாடு. ஆனால் இந்த வீட்டுக்கு உதவப்போவது சராசரியைவிட அந்தச் சரிவுதான். தாழ்ந்த ஒலியில் 30, உயர்ந்த ஒலியில் 65. தட்டு விழும் ஓசையில் தாழ்ந்தது உயர்ந்தது எல்லாம் கலந்து, அதுவும் பெருஞ்சத்தமாக வரும், ஆகவே திரும்பிப் பார்க்கிறார். தன் பெயர் ஆயிரம் தடவை கேட்ட சொல், அதில் பாதி விழுந்தாலும் மனம் மீதியை நிரப்பிக்கொள்ளும். இரவில் டிவியும் மிக்ஸியும் ஓய்ந்திருப்பதால் அந்தப் பாதி தெளிவாகவே விழுகிறது.

மகன் பேச்சு கேட்டு, மருமகள் பேச்சு கேளாமல் போவதற்குக் குரல் ஒரு காரணம். ஆண் குரல் தாழ்ந்தது, பெண் குரல் உயர்ந்தது, குழந்தைக் குரல் அதைவிட உயர்ந்தது. ஆனால் அதைவிடப் பெரிய காரணம் பேசும் இடம் என்று நினைக்கிறேன். மகன் வேலை முடிந்து வந்து, எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பேசுகிறார். மருமகள் அடுப்படியிலிருந்து, முதுகைக் காட்டிக்கொண்டு, தாளிக்கும் சத்தத்துக்கு நடுவே, "மாமா, சாப்பிட வாங்க" என்கிறார். பேத்தி ஓடிக்கொண்டே பேசுகிறாள். ஒரு நாள் மருமகள் எதிரே உட்கார்ந்து பேசி, மகன் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்துப் பார்க்கட்டும். யாருக்கு வேண்டியது கேட்கிறது என்பது அன்றைக்கே மாறிவிடும்.

வீடு ஏன் கண்டுகொள்வதில்லை

கண் மங்கினால் முதியவரே "எழுத்து தெரியல" என்று சொல்வார், ஒரு வாரத்தில் கண்ணாடி வரும். காது அப்படியில்லை. எது கேட்கவில்லை என்பது அதைக் கேளாதவருக்கே தெரியாது. பத்து ஆண்டுகளில் சிறிது சிறிதாகக் குறைவதால் ஒப்பிட்டுப் பார்க்க நேற்று என்று ஒன்றும் கிடையாது. டிவியின் சத்தம் 14-லிருந்து 18, 18-லிருந்து 25 என்று ஏறும்போது வீடும் கூடவே பழகிக்கொள்கிறது. வெளியூரிலிருந்து வரும் மகள்தான் முதலில், "ஏன் டிவி இப்படி அலறுது?" என்று கேட்பாள்.

முதியவர்களும் தங்களை அறியாமல் ஈடுகட்டுகிறார்கள். உதடு பார்க்கிறார்கள். எல்லோரும் சிரித்தால் தாங்களும் சிரிக்கிறார்கள். எதைக் கேட்டாலும் "ஆமா, ஆமா" என்று தலையாட்டுகிறார்கள், ஏனென்றால் மூன்றாவது தடவை "என்ன?" என்றால் எதிரே இருப்பவர் முகம் மாறுவதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். சிலர் நேர்மாறாகப் பேச்சைத் தாங்களே பிடித்துக்கொள்வார்கள், விடமாட்டார்கள். பேசும்வரை கேட்கவேண்டிய சங்கடம் இல்லை.

பாட்டி இருக்கும் வீடுகளில் இன்னொன்று நடக்கும். தாத்தாவுக்கு வருகிற செய்தியையெல்லாம் பாட்டியே வாங்கி, பழகிய குரலில், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிடுவார். பாட்டி ஊருக்குப் போன வாரத்திலோ, இல்லாமலேயே போன பிறகோதான் தாத்தாவுக்கு எவ்வளவு மந்தம் என்பது வீட்டுக்குத் தெரியவரும்.

"வயசானா அப்படித்தான்" என்ற சொல்லும் இருக்கிறது. வயதானால் அப்படித்தான் என்பது உண்மையே. ஆனால் வயதால் வரும் கண்புரைக்கு அறுவை செய்துகொள்ளும் அதே வீடு, காதை மட்டும் விதி என்று விட்டுவிடுகிறது. செவிடு என்ற சொல்லில் ஏறியிருக்கும் கேலிக்கு இதில் பங்குண்டு. நம் நகைச்சுவைக் காட்சிகளில் தப்பாகக் காதில் வாங்குபவரைப் பார்த்து எத்தனை காலமாகச் சிரித்துவருகிறோம். அந்தச் சிரிப்புக்கு ஆளாக எந்தத் தாத்தாவும் விரும்பமாட்டார்.

இதில் ஆபத்தான ஒரு குழப்பமும் உண்டு. கேள்வி ஒன்று, பதில் வேறொன்று என்று தொடர்ந்து வரும்போது, "அப்பாவுக்கு ஞாபகம் தப்புது" என்று பிள்ளைகள் பேச ஆரம்பிப்பார்கள். ஓசையில்லாத அறையில், எதிரே ஒரு மீட்டர் தூரத்தில் உட்கார்ந்து, தெளிவாகக் கேட்டுப் பாருங்கள். அங்கே பதில்கள் சரியாக வந்தால் முதல் சந்தேகம் காதின் மேல் வரவேண்டும். நினைவாற்றல் சோதனைகள் பெரும்பாலும் வாய்மொழியாகக் கேட்கப்படுபவை, கேள்வி காதில் விழாதவருக்கு அதில் மதிப்பெண் குறையத்தான் செய்யும். இரண்டு குறைகளும் ஒருவருக்கே சேர்ந்து இருக்கவும் கூடும். அதனால் நினைவைச் சோதிக்கப் போகுமுன் காதைப் பரிசோதித்துவிடுங்கள், அந்த முடிவை அந்த மருத்துவரிடமும் காட்டுங்கள்.

முதலில் காதைப் பார்த்துவிடுங்கள்

எல்லா மந்தமும் வயதால் வந்ததல்ல. காதுக் குறும்பி அடைத்துக்கொண்டாலே நன்றாக மந்தமாகும், காது மூக்கு தொண்டை மருத்துவர் அதைச் சில நிமிடங்களில் எடுத்துவிடுவார். வீட்டில் ஊக்கு, தீக்குச்சி, பட்ஸ் எதையும் விடாதீர்கள், குறும்பி உள்ளேதான் தள்ளப்படும். எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதும் வேண்டாம், செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது கேடு. ஒரு காது மட்டும் மந்தம், சீழ், வலி, தலைசுற்றல் ஆகியவை இருந்தால் தள்ளிப்போடக் கூடாது. இரவு நன்றாக இருந்த காது காலையில் கேட்கவில்லை என்றால் அது அவசரம், அன்றே மருத்துவரிடம் போகவேண்டும். அதற்கான மருந்து முதல் நாட்களில் கொடுத்தால்தான் நல்ல பலன் தரும்.

அதன்பின் ஆடியாலஜிஸ்டிடம் முழுப் பரிசோதனை. ஒலிகளைக் கேட்டு விரல் தூக்கும் சோதனையோடு, சொற்களைத் திருப்பிச் சொல்லும் சோதனையையும் தமிழிலேயே செய்யச் சொல்லுங்கள். எவ்வளவு சத்தம் வேண்டும் என்பதை முதலாவது சொல்லும், அந்தச் சத்தத்தில் சொல் புரிகிறதா என்பதை இரண்டாவதுதான் சொல்லும்.

காது மெஷின் தேவை என்றால் வாங்குங்கள். மாட்டிய அன்றே எல்லாம் தெளிந்துவிடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். ஆண்டுக்கணக்கில் கேளாத தட்டுமுட்டுச் சத்தமெல்லாம் ஒன்றாக வந்து விழும், மூளை பழகச் சில வாரங்களாவது ஆகும். முதலில் அமைதியான அறையில், ஒருவரோடு பேசும்போது மட்டும், பிறகு மெல்ல நேரத்தைக் கூட்டி. கல்யாண வீட்டுக்குப் போகும் அன்று முதன்முதலாக மாட்டிவிட்டால், அது மறுநாளே மேஜை டிராயருக்குள் போய்விடும். மெஷினை வைத்துக்கொண்டும் அடுத்த அறையிலிருந்து பேசுவது கேட்காது. பக்கத்தில் இருப்பவர் பேச்சுக்குத்தான் அது நன்றாக உதவும். அதனால் மெஷின் வந்தாலும் வராவிட்டாலும், மாறவேண்டியது வீட்டின் பேச்சுத்தான்.

கத்துவது ஏன் உதவாது

முதலில் கேட்கவில்லை என்பார். சத்தம் போட்டால், "ஏன் கத்துற? எனக்கென்ன காது செவிடா?" என்பார். இதைப் பார்த்து எரிச்சல்படாத மருமகள் இருக்க முடியாது. ஆனால் மயிரணுக்கள் அழிந்த காதின் இயல்பே இது. மெல்லிய ஒலி கேட்காது, ஆனால் ஒரு அளவைத் தாண்டிய ஒலி சாதாரணக் காதைப் போலவே, சில நேரம் கூடுதலாகவும் உறைக்கும். கேட்கத் தொடங்கும் அளவுக்கும் காது வலிக்கும் அளவுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி சுருங்கிவிட்டது. அதோடு, கத்தும்போது நாம் பெருக்குவது ஏற்கெனவே அவருக்குக் கேட்கும் உயிரொலிகளைத்தான். மெய்கள் இருந்த இடத்திலேயே இருக்கும், வாயும் கோணிக்கொண்டு உதடு படிக்க முடியாமல் போகும். போதாக்குறைக்கு முகத்தில் கோபம் தெரியும், அது மட்டும் அவருக்குத் தெளிவாகப் புரியும்.

சத்தத்துக்குப் பதில் தூரத்தைக் குறையுங்கள். திறந்த வெளியில் பேசுபவர் இருமடங்கு தள்ளிப் போனால் ஒலி 6 டெசிபல் குறையும். நான்கு மீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்கு வந்தால் 12 டெசிபல் கூடுகிறது, தொண்டை வலிக்காமலே. டைல்ஸ் தரையும் சிமெண்டுச் சுவரும் உள்ள நம் அறைகளில் கணக்கு அவ்வளவு துல்லியமாக வராது. ஆனால் எதிரொலி சொல்லைக் கலைத்துவிடுவதால் அங்கே பக்கத்தில் வருவது இன்னும் முக்கியம். இந்த ஒரு பழக்கத்தை மட்டும் வீடு பிடித்துக்கொண்டாலே பாதிச் சண்டை நிற்கும்: தாத்தாவிடம் பேசவேண்டுமானால் தாத்தா இருக்கும் இடத்துக்குப் போகவேண்டும். வேறு அறையிலிருந்து கூவுவது என்பதே கிடையாது.

போனதும் பேச ஆரம்பிக்காதீர்கள். "தாத்தா" என்று கூப்பிட்டு, அல்லது தோளைத் தொட்டு, அவர் திரும்பிப் பார்க்கும்வரை காத்திருங்கள். உங்கள் முகத்தில் வெளிச்சம் விழவேண்டும். வாசற்படியில் வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு நின்றால் அவருக்கு உங்கள் முகம் கருப்பாகத்தான் தெரியும். டிவியை நிறுத்துங்கள். சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்தச் சொல்ல மாட்டேன், ஒரு சுற்றைக் குறைத்தாலே வித்தியாசம் தெரியும். மிக்ஸி, கிரைண்டர் ஓடும்போது எதுவும் சொல்லாதீர்கள். அவருடைய நாற்காலி அடுப்படிச் சுவரை ஒட்டி இருந்தால் இடத்தை மாற்றுங்கள்.

தமிழ் வாக்கியத்தின் வால்

நம் மொழியில் முக்கியமானது எல்லாம் வாக்கியத்தின் கடைசியில்தான் வருகிறது. யார், எப்போது, செய்வார்களா மாட்டார்களா என்பதை வினைமுற்றின் வால்தான் சொல்லும். பேசும்போது நாம் குரலை இறக்குவதும் அந்த வாலில்தான். "தம்பி நாளைக்கு வரான்" என்பதும் "தம்பி நாளைக்கு வரல" என்பதும் கடைசிச் சொல்லின் வால்வரை ஒன்றே. அந்தக் கடைசியை விழுங்கிவிட்டால், தாத்தா காலையிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிறகு, "வரலன்னு நேத்தே சொன்னேனே" என்று நாம் அவரைக் கடிந்துகொள்வோம்.

ஆகவே முதலில் எதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்பதைச் சொல்லுங்கள். "தாத்தா, தம்பி விஷயம்." ஒரு மூச்சு நிறுத்துங்கள். "நாளைக்கு வரமாட்டான்." மறுபடி ஒரு நிறுத்தம். "சென்னையிலேயே இருக்கான். ஞாயித்துக்கிழமைதான் வருவான்." எழுத்தெழுத்தாக இழுத்துப் பேசவேண்டாம், அது குழந்தையிடம் பேசுவதுபோல் இருக்கும், புரியவும் புரியாது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் நிதானமாக, சொற்றொடருக்குச் சொற்றொடர் இடைவெளி விட்டு, கடைசி எழுத்துவரை குரலை இறக்காமல் பேசினால் போதும். 'இல்லை' என்ற செய்தியை ஒரே வாலில் தொங்கவிடாமல், மேலே செய்ததுபோல இரண்டாவது வாக்கியத்திலும் உறுதிப்படுத்துங்கள்.

புரியவில்லை என்றால் ஒரே ஒரு தடவை அதே சொற்களைத் திருப்பிச் சொல்லலாம். இரண்டாவது தடவையும் விழாத சொல் ஐந்தாவது தடவையும் விழாது. சொல்லை மாற்றுங்கள். "பத்து மணிக்கு டாக்டர்" விழவில்லையா, "காலைல டிபன் முடிச்சிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்று சொல்லுங்கள். எண்ணை விரலால் காட்டுங்கள், அல்லது எழுதிக் காட்டுங்கள். மாத்திரை வேளை, பணக்கணக்கு, ரயில் நேரம் எல்லாம் எழுத்தில்தான் இருக்கவேண்டும்.

"கேட்டுச்சா?" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். அதற்கு எப்போதும் "ம்" என்றுதான் பதில் வரும். "அப்ப எத்தனை மணிக்குக் கிளம்பணும், தாத்தா?" என்று கேளுங்கள். அவர் "எட்டு மணி" என்றால் பிழை அங்கேயே தெரிந்துவிடும், ஆஸ்பத்திரி வாசலில் தெரியாது.

"ஒண்ணுமில்ல, விடுங்க." இந்த வீட்டில் இனிமேல் யாரும் சொல்லக்கூடாத வாக்கியம் இது. எல்லோரும் சிரித்த ஒன்றைத் தாத்தா "என்னடா?" என்று கேட்கும்போது, அது சொல்லத் தகாத சின்ன விஷயமாகவே இருக்கட்டும், சொல்லிவிடுங்கள். பெரிய செய்திகளை எப்படியும் யாராவது சொல்லிவிடுவார்கள். அவர் இழந்துகொண்டிருப்பது சின்னப் பேச்சுகளைத்தான்.

நாலு பேர் கூடும்போது

பண்டிகை நாளில்தான் தாத்தா சீக்கிரம் எழுந்து போய்ப் படுத்துக்கொள்வார். பாதிச் சொல்லை வைத்து மீதியை ஊகித்துக்கொண்டே இருப்பது மூளைக்குக் கடும் உழைப்பு. நாலு பேர் ஒரே நேரத்தில் பேசும்போது அந்த உழைப்பும் பலிக்காது. அவரைக் கூடத்தின் நடுவில் உட்கார வைப்பது மரியாதையாகத் தோன்றும், ஆனால் முதுகுப் பக்கமும் சத்தம் வரும். சுவரை ஒட்டி, எல்லோர் முகமும் தெரியும்படி உட்கார வையுங்கள். நன்றாகக் கேட்கும் காது ஒன்று இருந்தால் அது கூட்டத்தின் பக்கம் இருக்கட்டும். பக்கத்தில் பேரனோ பேத்தியோ உட்கார்ந்து, பேச்சு மாறும்போதெல்லாம் "இப்ப நிலத்தைப் பத்தி", "இப்ப அத்தை வீட்டுக் கல்யாணம்" என்று தலைப்பை மட்டும் சொன்னால் போதும். தலைப்பு தெரிந்தால் உடைந்த சொற்களிலிருந்து அவரே மீதியைக் கட்டிக்கொள்வார்.

தொலைபேசியில் உதடும் இல்லை, முகமும் இல்லை. வெளியூர்ப் பிள்ளைகள் வீடியோவில் பேசட்டும், முகத்தில் வெளிச்சம் விழும்படி. மாலையைவிடக் காலை நல்லது, அவர் அப்போது களைத்திருக்க மாட்டார்.

தாத்தாவும் ஒன்று பழகவேண்டும். இது அவரிடம் நேரடியாகப் பேசவேண்டிய விஷயம். வெறும் "என்ன?" என்று கேட்டால் எதிரே இருப்பவர் முழு வாக்கியத்தையும் கூவுவார். "ஆஸ்பத்திரிக்குன்னு கேட்டுச்சு, நேரம் கேக்கல" என்று சொன்னால் விழாத துண்டு மட்டும் திரும்ப வரும். "இந்தப் பக்கம் வந்து சொல்லும்மா", "டிவியை நிறுத்துடா" என்று கேட்கவும் அவருக்கு உரிமை வேண்டும். முதல் சில தடவை அவருக்குக் கூச்சமாக இருக்கும். அவர் கேட்ட உடனே எழுந்து வந்து சொல்லுங்கள், அப்போதுதான் அடுத்த தடவையும் கேட்பார்.